நாயகன் தோற்றாலும் குதிரை தோற்பதில்லை! - பாராசாரி, ரக்ஷ், சேத்தக், பெகாசஸ்... வீரக் கதைகளின் நான்கு கால் நாயகர்கள்

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் போகும்போது, பாறைகளை யாரோ அள்ளிக் கொட்டி வைத்த மாதிரி மூன்று மலைகள் எழுந்து நிற்கும். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்த மராட்டியக் கோட்டைகளில் இதுவும் ஒன்று. அங்கே யாரையாவது நிறுத்தி, ``இது யாரோட கோட்டை?'' என்று கேட்டுப் பாருங்கள். ``தேசிங்கு ராஜா கோட்டை'' என்றுதான் பதில் வரும்.

வரலாற்றைப் பார்த்தால் இது கொஞ்சம் விசித்திரம். விஜயநகரத்தின் நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர்கள், மொகலாயர்கள் என்று பலர் கைமாறிய கோட்டை அது. சிவாஜியே பிடித்து வைத்திருந்த கோட்டை. தேசிங்கு அங்கே ஆண்டதோ சில மாதங்கள்தான். 1714 அக்டோபரில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, போர்க்களத்திலேயே இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 22 என்பார்கள். ஜெயித்தது நவாப். ஆனால், நவாபின் பெயரைச் சொல்லி அந்தக் கோட்டையை யாரும் கூப்பிடுவதில்லை.

தோற்றவர் எப்படி ஜெயித்தார்? அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, அவர் ஏறியிருந்த குதிரை. அதன் பெயர் பாராசாரி. தேசிங்கு ராஜன் கதைப் பாடலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பெயர் தேசிங்கின் பெயரைப்போலவே பழக்கம். 1960-ல் எம்.ஜி.ஆர் நடித்து வெளிவந்த `ராஜா தேசிங்கு' படம் வழியாக அறிந்தவர்களும் உண்டு.

உலகத்தின் வீரக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இப்படி ஒரு குதிரை இல்லாத நாயகன் குறைவு. அலெக்ஸாண்டருக்குப் புசிபாலஸ், பாரசீகத்து ருஸ்தமுக்கு ரக்ஷ், மேவார் ராணா பிரதாப்புக்குச் சேத்தக். நம் சங்க காலத்தில் இது இன்னும் ஒரு படி மேலே. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. வல்வில் ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர்!

வெறும் வாகனம் என்றால் இத்தனை மரியாதை ஏன்? கதைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், குதிரை அங்கே மூன்று வேலைகளைச் செய்வது தெரிகிறது. நாயகனை அடையாளம் காட்டுகிறது. அவனுக்குத் தெரியாததை எச்சரிக்கிறது. கடைசியில், அவன் தோல்வியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாரையும் ஏற விடாத குதிரை

தேசிங்கு கதை டெல்லியில் தொடங்குகிறது. பாதுஷாவிடம் ஒரு குதிரை வந்து சேர்கிறது. யாராலும் அதன் முதுகில் உட்கார முடியவில்லை. செஞ்சியை ஆளும் தேரணி சிங்கை வரவழைத்து ஏறச் சொல்கிறார் பாதுஷா. அவராலும் முடியவில்லை. அதற்காகவே சிறையில் அடைக்கப்படுகிறார். அப்பாவைத் தேடிப் போகும் சிறுவன் தேசிங்கு அந்தக் குதிரையை அடக்கி, அப்பாவை மீட்கிறான். குதிரையும் அவனுக்கே சொந்தமாகிறது.

இதைப் படித்ததும் உங்களுக்கு இன்னொரு கதை ஞாபகம் வந்திருக்கும். ஆமாம், பள்ளிப் பாடத்தில் படித்த அலெக்ஸாண்டர் கதைதான்.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அதை விரிவாக எழுதியிருக்கிறார். ஃபிலோனிகஸ் என்ற வியாபாரி, மாசிடோனியா அரசர் பிலிப்பிடம் ஒரு குதிரையை விற்கக் கொண்டு வருகிறான். விலை 13 தாலந்து. ஒரு தாலந்து என்பது சுமார் 26 கிலோ வெள்ளி. அப்படியானால், அந்த ஒரே குதிரையின் விலை கிட்டத்தட்ட 340 கிலோ வெள்ளி. ஆனால், கிட்டே போகிறவர்களையெல்லாம் அது எகிறி விரட்டுகிறது. ``கொண்டுபோய்விடு'' என்கிறார் பிலிப். ``நல்ல குதிரையைக் கையாளத் தெரியாமல் இழக்கிறீர்களே'' என்று முணுமுணுக்கிறான் மகன். ``உன்னால் முடியாவிட்டால்?'' என்று அப்பா கேட்க, ``முழு விலையையும் நான் தருகிறேன்'' என்கிறான்.

அடுத்து அவன் செய்ததுதான் கதையின் உயிர். சிறுவன் கவனித்தது ஒரே ஒரு விஷயம்: குதிரை தன் முன்னால் விழுந்து ஆடும் நிழலைப் பார்த்து மிரள்கிறது. கடிவாளத்தைப் பிடித்து, அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பி நிறுத்துகிறான். நிழல் பின்னால் போய்விடுகிறது. தடவிக்கொடுத்து, கொஞ்ச தூரம் கூடவே ஓடி, மேலங்கியைச் சத்தமில்லாமல் நழுவவிட்டு ஏறி உட்கார்கிறான். சாட்டை அடி இல்லை, முரட்டுத்தனம் இல்லை.

குதிரை பழக்குகிறவர்களிடம் கேட்டால், இந்த விவரம் கற்பனையாகத் தோன்றவில்லை என்பார்கள். குதிரை இயற்கையில் வேட்டையாடப்படும் விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். ஆனால், முகத்துக்கு நேர் முன்னால் மிக அருகிலும், வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. அதனால் தரையில் திடீரென்று அசையும் எதுவும், சொந்த நிழலோ பிளாஸ்டிக் பையோ, அதை மிரட்டிவிடும். மிரளும் குதிரையை அடிப்பவர்கள் அதன் பயத்தைக் கூட்டுகிறார்கள். எதற்கு மிரள்கிறது என்று பார்ப்பவர்கள்தான் அதைப் பழக்குகிறார்கள்.

ஆக, இந்தக் காட்சி பலசாலி யார் என்று சொல்வதற்காக வரவில்லை. மற்ற எல்லோரும் குதிரையைப் பார்த்தார்கள். இவன் குதிரை எதைப் பார்க்கிறது என்று பார்த்தான். வருங்கால அரசனுக்கான தகுதியாகக் கதை சொல்வது இந்தக் குணத்தைத்தான். மனிதர்களைப் பதவியாலும் பணத்தாலும் ஏமாற்றிவிடலாம். யார் பட்டத்து இளவரசன், யார் குதிரைக்காரன் என்பது குதிரைக்குத் தெரியாது. அதனால்தான் அது கொடுக்கும் சான்றிதழுக்குக் கதையில் அத்தனை மதிப்பு.

இங்கே ஒரு சின்ன கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். கி.மு 326-ல், ஜீலம் நதிக்கரையில் போரஸ் மன்னனோடு நடந்த போருக்குப் பிறகு புசிபாலஸ் இறந்தது. அதன் நினைவாக அங்கே `புசிபாலா' என்று ஒரு நகரத்தையே அலெக்ஸாண்டர் உருவாக்கினார். இறக்கும்போது குதிரைக்கு வயது 30 என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. அப்படியானால் அது பிறந்தது கி.மு 356. அலெக்ஸாண்டர் பிறந்ததும் அதே வருடம்தான்! ஆனால் இந்தக் கணக்குப்படி, அதை அடக்கியபோது சிறுவனுக்கும் 12 வயது, குதிரைக்கும் 12 வயது. 12 வயது என்பது குதிரைக்கு நடுவயது. அதுவரை யாரும் ஏறாத ஒரு குதிரையை 340 கிலோ வெள்ளிக்கு விற்க வருவார்களா? சந்தேகம்தான். இருவரையும் ஒரே வருடத்தில் பிறக்கவைத்தது நாட்காட்டியைவிடக் கதையின் ஆசையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். காரியும் காரியும் மாதிரி!

மண் வாசனை பிடித்த ரக்ஷ்

குதிரை நாயகனைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிட்டால் அது நல்ல தொடக்கக் காட்சி, அவ்வளவுதான். அதற்கு மேலே போன கதை ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1010-ல் ஃபிர்தௌசி எழுதி முடித்த `ஷாநாமா' என்ற பாரசீகக் காவியத்தில் வரும் ருஸ்தமின் கதை.

ருஸ்தம் மிகப் பெரிய உடம்புக்காரன். அவன் ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் கையை வைத்து அழுத்திப் பார்க்கிறான். எல்லாக் குதிரைகளும் வயிறு தரையில் படும் அளவுக்கு வளைந்துவிடுகின்றன. கடைசியில் ஒரு குட்டி வருகிறது. உடம்பெல்லாம் குங்குமப்பூ நிறத்தில் புள்ளிகள். அழுத்தினால் அசையவில்லை. ``இது யாருடையது?'' என்று மேய்ப்பவரிடம் கேட்கிறான். ``உரிமையாளர் யாரென்று தெரியாது. ஆனால், எல்லோரும் இதை ருஸ்தமின் ரக்ஷ் என்றுதான் சொல்கிறோம்'' என்ற பொருளில் பதில் வருகிறது. கேட்பது ருஸ்தம்தான் என்று சொன்னவருக்குத் தெரியாது! விலை என்ன? ஈரான் தேசம். நீ ருஸ்தம் என்றால், இதில் ஏறிப் போய் அந்த நாட்டைக் காப்பாற்று, அதுவே விலை.

அதன் பிறகு ரக்ஷ் செய்வதைக் கவனியுங்கள். ருஸ்தம் தனியாகப் பயணம் போகும்போது ஏழு சோதனைகளைச் சந்திக்கிறான். முதல் சோதனை ஒரு சிங்கம். அதில் ருஸ்தமின் பங்கு என்ன தெரியுமா? தூக்கம்! அவன் தூங்கும்போது வந்த சிங்கத்தை ரக்ஷே மிதித்துக் கடித்துக் கொன்றுவிடுகிறது. எழுந்து பார்த்த ருஸ்தம் பாராட்டவில்லை. ``உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன், ஏன் என்னை எழுப்பவில்லை?'' என்று திட்டுகிறான்.

சரி, இனிமேல் எழுப்பலாம் என்று குதிரை நினைத்திருக்கும். இன்னொரு சோதனையில் இருட்டில் ஒரு டிராகன் வருகிறது. ரக்ஷ் ஓடிப்போய்த் தரையை உதைத்து எழுப்புகிறது. ருஸ்தம் எழுந்தபோது டிராகன் மறைந்துவிடுகிறது. எரிச்சலோடு மறுபடி தூங்குகிறான். மறுபடி டிராகன், மறுபடி எழுப்பல், மறுபடி மறைவு. ``இன்னொரு தடவை எழுப்பினால் உன்னைக் கொன்றுவிடுவேன்'' என்று மிரட்டுகிறான். மூன்றாவது முறை டிராகன் வரும்போது குதிரை தவிக்கிறது. எழுப்பினால் எஜமானன் கொல்வான், எழுப்பாவிட்டால் டிராகன் எஜமானனைக் கொல்லும். எழுப்புகிறது. இந்த முறை டிராகன் மறையவில்லை. சண்டையில் ருஸ்தம் திணறும்போது, ரக்ஷும் பாய்ந்து டிராகனைக் கடிக்கிறது.

விசுவாசம் என்றால் சொன்னதைச் செய்வது என்று நாம் நினைக்கிறோம். இங்கே ரக்ஷ் செய்தது அதற்கு நேர் எதிர். சொன்னதை மீறியதுதான் அதன் விசுவாசம்.

இந்தக் காட்சியின் பாரம் காவியத்தில் பல ஆயிரம் வரிகள் தாண்டிய பிறகுதான் புரியும். ருஸ்தமுக்கு வயதாகிவிட்டது. அவனது மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஷகாத், காபூல் மன்னனோடு சேர்ந்து சதி செய்கிறான். வேட்டைக்காட்டில் ஆழமான குழிகளைத் தோண்டி, உள்ளே ஈட்டிகளையும் வாள்களையும் நட்டு, மேலே மூடி வைக்கிறார்கள். விருந்தாளியாக வந்த ருஸ்தமை அந்தப் பக்கம் வேட்டைக்கு அழைக்கிறார்கள்.

குழிகளுக்கு அருகே வந்ததும் ரக்ஷ் நின்றுவிடுகிறது. புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை அதற்குத் தெரிந்துவிட்டது. மூக்கை விடைத்துக்கொண்டு, குளம்பால் தரையைத் தட்டித் தட்டி, இரண்டு குழிகளுக்கு நடுவே மெல்லக் கால் வைக்கிறது. நடைமுறையிலும் குதிரைகள் இப்படித்தான். காலடி உறுதியில்லை என்று தோன்றினால் தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்கும், குளம்பால் தட்டிப் பார்க்கும், நகர மறுக்கும்.

ருஸ்தமுக்குப் பொறுமை போய்விடுகிறது. சாட்டையால் ஓர் அடி. வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து வாழ்ந்த குதிரைக்குக் கொடுத்த அந்த அடிதான் முடிவு. துள்ளிய ரக்ஷ் குழிக்குள் விழுகிறது. ஈட்டிகள் இருவரையும் துளைக்கின்றன. சாகும் முன், மரத்தின் பின்னால் ஒளிந்த ஷகாதை மரத்தோடு சேர்த்து அம்பால் துளைத்துவிட்டுத்தான் ருஸ்தம் கண்ணை மூடுகிறான். ரக்ஷையும் எடுத்துப் போய் மரியாதையோடு புதைக்கிறார்கள்.

யாராலும் வீழ்த்த முடியாத வீரன் எதனால் வீழ்ந்தான்? எதிரியின் வாளால் இல்லை. சிறுவன் அலெக்ஸாண்டர், குதிரை ஏன் மிரள்கிறது என்று பார்த்தான்; அரசனாக வளர்ந்தான். கிழவன் ருஸ்தம், குதிரை ஏன் நிற்கிறது என்று பார்க்க மறந்தான், விழுந்தான்.

புறமுதுகு காட்டாமல் திரும்பி வருவது எப்படி?

மூன்றாவது வேலைதான் மிகவும் நுட்பமானது. அதைப் புரிந்துகொள்ள ராஜஸ்தானுக்குப் போக வேண்டும்.

1576 ஜூன் 18. ஹல்திகாட்டி கணவாயில் ராணா பிரதாப்பின் மேவார் படையும், மான் சிங் தலைமையில் அக்பரின் படையும் மோதின. களம் மொகலாயர்கள் வசமானது. ஆனால் அவர்களால் பிரதாப்பைப் பிடிக்க முடியவில்லை. அவர் தப்பிவிட்டார். பிறகு மலைகளில் இருந்துகொண்டே பல வருடங்கள் போராடி, 1597-ல்தான் மறைந்தார்.

போரின் கணக்கில் பார்த்தால், அன்று பின்வாங்கியது சரியான முடிவு. ஆனால், வீரக் கதையின் கணக்கில் அது சிக்கல். களத்தைவிட்டு வெளியேறும் அரசனை எப்படிப் பாடுவது? நம் ஊரில் `புறமுதுகு காட்டினான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு வம்சத்துக்கே தலைக்குனிவு. ராஜபுத்திரர்களுக்கும் அப்படித்தான்.

இந்த இடத்தில்தான் சேத்தக் வருகிறது. மேவார் மரபுக் கதையின்படி, பிரதாப் நேராக மான் சிங்கின் யானையை நோக்கிப் பாய்கிறார். சேத்தக் முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி யானையின் மீது வைக்கிறது. பிரதாப் எறிந்த ஈட்டி குறி தவறிப் பாகனைக் கொல்கிறது. யானையிடம் இருந்த வாள் சேத்தக்கின் காலைக் கிழிக்கிறது. அந்தக் காயத்தோடு, பிரதாப்பைச் சுமந்துகொண்டு ஓடி, ஓர் ஓடையைத் தாண்டிக் கரை சேர்த்துவிட்டு விழுந்து உயிரை விடுகிறது. இன்றும் ஹல்திகாட்டிக்குப் போகிறவர்கள் பார்க்கும் முக்கியமான இடம், சேத்தக்கின் நினைவு மண்டபம்.

இந்தக் கதை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். அரசர் ஓடவில்லை. குதிரை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவர் யானைக்கு முன்னால் நின்றுதான் சண்டை போட்டார். வெளியேறும் முடிவைக் காயம்பட்ட குதிரையின் கால்கள் எடுத்தன. விலையையும் அதுவே உயிராகக் கொடுத்துவிட்டது. தோல்வியின் அவமானம் துடைக்கப்பட்டு, கேட்பவர்களின் கண்ணில் அந்த இடத்தில் கண்ணீர் வந்துவிடுகிறது.

இதில் உண்மை எவ்வளவு? போர் நடந்ததும், பிரதாப் தப்பியதும் வரலாறு. ஆனால், அந்தக் காலத்துக் குறிப்புகளில் குதிரையின் பெயரோ, அதன் சாகசமோ இல்லை. குதிரையின் கதை 17-ம் நூற்றாண்டு முதல்தான் மேவார் அரசவைக் கவிதைகளில் தலைகாட்டுகிறது. `சேத்தக்' என்ற பெயர் முதலில் வருவது 18-ம் நூற்றாண்டுக் கதைப் பாடலான `கும்மாண ராஸோ'வில். 1829-ல் ஜேம்ஸ் டாட் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் ராஜஸ்தான் வரலாற்று நூலில் எழுதிய பிறகு, அது நாடெங்கும் பரவியது. இன்னொரு விஷயம், குதிரைக்குத் தாவும் விசை பெரும்பாலும் பின்னங்கால்களில்தான் இருக்கிறது. பின்னங்கால் ஒன்று அறுபட்டிருந்தால், ஓடை தாண்டுவது நடக்காத காரியம். காயம் லேசானதாக இருந்திருக்கலாம். அல்லது தாண்டல் பாட்டில் பெரிதாகியிருக்கலாம்.

இதனால் கதையைப் பொய் என்று தூக்கிப்போட வேண்டியதில்லை. போருக்கு அடுத்த தலைமுறைகளுக்கு ஒரு கேள்விக்கு விடை தேவைப்பட்டிருக்கிறது: ``நம்ம ராணா களத்தைவிட்டு ஏன் வந்தார்?'' அந்தக் கேள்விக்கு மேவார் மக்கள் கண்டுபிடித்த பதிலின் பெயர்தான் சேத்தக்.

பறக்கும் குதிரை ஏன் நண்பனாகவில்லை?

தரையில் ஓடும் குதிரையே இவ்வளவு செய்கிறது என்றால், பறக்கும் குதிரை இன்னும் பெரிய விசுவாசியாக இருக்க வேண்டுமே? கிரேக்கத்துப் பெகாசஸ் கதை அப்படிச் சொல்லவில்லை.

பெகாசஸ் இறக்கைகள் கொண்ட குதிரை. தலை வெட்டப்பட்ட மெடூசாவின் ரத்தத்திலிருந்து பிறந்தது. பெல்லெரோஃபோன் என்ற வீரனுக்கு அது வேண்டும். அவன் அலெக்ஸாண்டரைப்போல அதைக் கவனிக்கவில்லை, ருஸ்தமைப்போல அதன் குட்டிப் பருவத்திலிருந்து பழகவும் இல்லை. அதீனா தேவி தங்கக் கடிவாளம் ஒன்றைக் கொடுக்கிறாள். அதை மாட்டியதும் குதிரை அடங்கிவிடுகிறது. வேலை முடிந்தது. அதில் ஏறி, நெருப்பு கக்கும் கிமேரா என்ற மிருகத்தை வானத்திலிருந்தே கொல்கிறான்.

வெற்றிமேல் வெற்றி வந்ததும் தலைக்கனம் ஏறுகிறது. தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலைக்கே பறந்து போகலாம் என்று கிளம்புகிறான். ஸியூஸ் கடவுள் ஒரு மாட்டு ஈயை அனுப்புகிறார். அது கடித்ததும் குதிரை உதறுகிறது. பெல்லெரோஃபோன் பூமியில் விழுகிறான். மிச்ச வாழ்நாள் முழுக்க நொண்டிக்கொண்டு, தனியாக, யார் கண்ணிலும் படாமல் அலைகிறான்.

பெகாசஸ் என்ன செய்தது? திரும்பிப் பார்க்கவில்லை. நேராக ஒலிம்பஸுக்குப் போய், ஸியூஸின் இடியைச் சுமக்கும் வேலையில் சேர்ந்துவிட்டது. கடைசியில் நட்சத்திரக் கூட்டமாகவும் ஆகிவிட்டது.

சேத்தக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். காலில் வெட்டுப்பட்ட சேத்தக் ஆளைக் கீழே போடவில்லை. ஈ கடித்த பெகாசஸ் போட்டுவிட்டது. பெகாசஸ் கெட்ட குதிரை என்பதல்ல விஷயம். கடிவாளத்தால் கிடைத்தது கடிவாளம் வரைக்கும்தான். பெல்லெரோஃபோன் விழுந்தபோது, அவனுக்காக நின்று அழ ஒரு ஜீவன்கூட இல்லை. அதனால்தான் உலகம் பெகாசஸை ஞாபகம் வைத்திருக்கிறது. அதை ஓட்டியவனின் பெயரைக் கேட்டால் யோசிக்கிறது.

அந்தப் பெகாசஸை நீங்களும் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை மேகம் இல்லாத ஒரு நாள், இரவு எட்டு மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாகத் தெரியும். வானியல் புத்தகங்களில் அதற்குப் பெகாசஸ் சதுரம் என்று பெயர். நம் பஞ்சாங்கத்தில் அதே நான்கில் இரண்டு பூரட்டாதி, இரண்டு உத்திரட்டாதி. உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த நட்சத்திரம் என்றால், தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம், ``எங்களுக்குக் குதிரை நட்சத்திரம்!'' (ஜோதிடத்தில் குதிரைத் தலை அசுவினிக்குத்தான் என்று வீட்டுப் பெரியவர்கள் திருத்தினால், அதுவும் சரிதான்.)

மறுபடியும் செஞ்சிக்கு...

இப்போது தேசிங்கு கதையின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். இவ்வளவு நேரம் பார்த்த மூன்று வேலைகளும் அதில் ஒன்றாக வந்து சேர்வது தெரியும்.

தேசிங்கு குடும்பம் வடக்கே புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரக் குடும்பம். அப்பா ஸ்வரூப் சிங், மொகலாயர்களுக்காகச் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டவர். கதைப் பாடலின் தேரணி சிங் இவர்தான். அவர் 1714-ல் இறந்ததும் மகன் தேஜ் சிங் பொறுப்புக்கு வருகிறார். `தேஜ் சிங்' நம் நாக்கில் `தேசிங்கு' ஆனது. பாக்கிக் கப்பத்தைக் கட்டு என்கிறார் ஆற்காடு நவாப். முடியாது என்கிறார் இளைஞர். பெரிய படை கிளம்பி வருகிறது. தேசிங்கிடம் இருந்தது சில நூறு குதிரை வீரர்கள்தான்.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் என்ற ஊரில், குன்றைக் குடைந்து செய்த ரங்கநாதர் கோயில் இருக்கிறது. போருக்குப் போகும் முன் அங்கே உத்தரவு கேட்கப் போனார் தேசிங்கு என்றும், `போகாதே' என்று சொல்வதுபோலப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் அந்த ஊரில் சொல்வார்கள். ரக்ஷ் குழிக்கு முன்னால் நின்ற மாதிரி ஓர் எச்சரிக்கை. ருஸ்தமைப்போலவே இவரும் கேட்கவில்லை.

கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வருகிறான் நண்பன் மோவுத்துக்காரன். நிஜப் பெயர் மஹபத் கான். அவனுக்கும் ஒரு குதிரை, பெயர் நீலவேணி. இந்து அரசன், முஸ்லிம் தோழன், இரண்டு குதிரைகள் என்று இவர்கள் நால்வரையும் சேர்த்தேதான் பாடல் பாடுகிறது. போரில் தேசிங்கு நேரே நவாபின் யானையை நோக்கிப் போகிறார். பாராசாரி யானை மீது கால்வைத்து ஏறுகிறது. குதிரையின் கால்கள் வெட்டப்படுகின்றன. குதிரை விழுந்த பிறகும் தரையில் நின்று சண்டை போட்ட தேசிங்கு குண்டடிபட்டுச் சாகிறார்.

யானை மேல் முன்னங்கால் வைத்த குதிரை, வெட்டுப்பட்ட கால்... சேத்தக்கின் கதை அப்படியே திரும்ப வருகிறது, இல்லையா? இரண்டுமே ராஜபுத்திர அரசர்களின் கதைகள். வடக்கிலிருந்து வந்தவர்களோடு கதையும் செஞ்சிக்கு வந்து சேர்ந்திருக்கலாம். யானையில் வரும் பெரிய அதிகாரத்தின் உயரத்துக்கு, குதிரையில் வரும் சின்ன அரசனை ஏற்றிவிட இதைவிட நல்ல வழி இல்லை என்பதால், இரண்டு இடத்திலும் தனித்தனியாகவும் பிறந்திருக்கலாம்.

ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சேத்தக் தன் எஜமானனைக் காப்பாற்றிவிட்டுச் செத்தது. பாராசாரியால் காப்பாற்ற முடியவில்லை. அதனால் செஞ்சிக் கதையில் தப்பித்தல் இல்லை, மிச்சமும் இல்லை. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினார். பாலாற்றின் கரையில், ஆற்காட்டுக்கு எதிரே இருக்கும் ராணிப்பேட்டைக்கு அந்த ராணியின் நினைவாகத்தான் பெயர் வந்தது என்பார்கள். ஜெயித்த நவாபே மரியாதை செய்து வைத்த பெயராம்.

அடுத்த முறை செஞ்சிக்குப் போனால், ராஜகிரி உச்சிக்கு மூச்சிரைக்க ஏறி போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கீழே செட்டிக்குளம் என்று ஒரு குளம் இருக்கிறது. அதன் கரையில் உள்ள மேடையைத் தேசிங்கை எரித்த இடம் என்று காட்டுவார்கள். பக்கத்தில் ஆடு மேய்ப்பவர் யாராவது இருந்தால் கதையைக் கேளுங்கள். நவாப் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லாமல் போகலாம். எந்த வருடம் என்பதும் தெரியாமல் போகலாம். குதிரையின் பெயர் மட்டும் தப்பாமல் வரும்.